இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்ற மையம்

அன்புள்ள ஐயா,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக 13, 14, 15 செ.மீ. பக்கங்கள் கொண்ட ஒரு முக்கோணம் வரைந்தோம். நடுக்கோட்டு மையம், சுற்றுவட்ட மையம், செங்கோட்டு மையம் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும் என்று அவளுடைய ஆசிரியை சொல்லியிருக்கிறார். எங்கள் படத்தில் செங்கோட்டு மையம் கோட்டைவிட்டு 2 மி.மீ. தள்ளி நின்றது. கூடவே குறித்துவைத்த உள்வட்ட மையமோ கோட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. “அப்போ அந்தக் கோட்டுல வர்றது இதுதானேம்மா?” என்கிறாள். ஆயத்தொலைவு வைத்துச் சாய்வு கண்டால் ஆசிரியை சொன்னதுதான் சரியாக வருகிறது. விடை வந்துவிட்டது, காரணம் பிடிபடவில்லை. ஏன் அந்த மூன்று? ஏன் நான்காவது இல்லை?

ச., ஈரோடு

அன்புள்ள ச. அவர்களுக்கு,

உங்கள் முக்கோணத்தை நானும் வரைந்து பார்த்தேன். 14 செ.மீ. பக்கத்தை அடியில் வைத்து B-ஐ (0, 0), C-ஐ (14, 0) என்று கொண்டால், A சரியாக (5, 12)-இல் விழுகிறது. சுற்றுவட்ட மையம் O = (7, 4.125). நடுக்கோட்டு மையம் G = (6.33, 4). செங்கோட்டு மையம் H = (5, 3.75). இவ்வளவு பெரிய முக்கோணத்துக்குள் O-வுக்கும் G-க்கும் நடுவே 6.8 மி.மீ. தூரம்தான் இருக்கிறது. G-யிலிருந்து H அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி, 13.6 மி.மீ.-இல் இருக்கிறது.

சிக்கல் இந்த நெருக்கத்தில்தான். அருகருகே இருக்கும் இரண்டு புள்ளிகள் வழியாக அளவுகோலை வைத்து, இடைவெளியைப் போல இரண்டு மடங்கு தூரம் கோட்டை நீட்டுகிறோம். O-வைக் குறித்ததில் இருந்த பிழை அங்கே போய்ச் சேரும்போது இரண்டு மடங்காகிறது, G-யில் இருந்த பிழை மூன்று மடங்காகிறது. பென்சில் முனை O-வில் அரை மி.மீ. மேலேயும் G-யில் அரை மி.மீ. கீழேயும் விலகியிருந்தால் போதும், கோடு H-ஐ 2.5 மி.மீ. தவறவிடும். கவராயத்தால் வில் போட்டு, வில்கள் வெட்டிய இடத்தைக் கண்ணால் பார்த்துக் குறிக்கிற எவருக்கும் அரை மி.மீ. பிழை வரும். உங்கள் 2 மி.மீ. அப்படி வந்ததுதான்.

உள்வட்ட மையத்தின் கதை வேறு. உங்கள் முக்கோணத்தில் அது (6, 4)-இல் இருக்கிறது. உண்மையான கோடு அந்த இடத்தில் 3.94 உயரத்தில் போகிறது. இடைவெளி 0.6 மி.மீ., கிட்டத்தட்ட பென்சில் கோட்டின் தடிமன். கோட்டில் இல்லாத புள்ளியை இருப்பதாகவும், இருக்கும் புள்ளியை இல்லாததாகவும் காட்டுகிற முக்கோணம் உங்களுக்கு வாய்த்திருக்கிறது. பக்கங்கள் ஏறக்குறைய சமமாக இருப்பதுதான் காரணம். சமபக்க முக்கோணத்தில் நான்கு மையங்களும் ஒரே புள்ளியாகிவிடும். அதை நெருங்க நெருங்க அவை ஒன்றன்மேல் ஒன்று வந்து மொய்க்கும்.

ஆகவே மகளிடம் இன்னொரு முக்கோணம் வரையச் சொல்லுங்கள். B (0, 0), C (12, 0), A (3, 3), எல்லாம் செ.மீ. கணக்கில். A-யில் விரிகோணம் இருப்பதால் O-வும் H-உம் முக்கோணத்துக்கு வெளியே போய்விடும், பயப்பட வேண்டாம். A-யிலிருந்து BC-க்குக் குத்துக்கோடு x = 3. B-யிலிருந்து AC-க்குக் குத்துக்கோடு y = 3x. இரண்டும் (3, 9)-இல் சந்திக்கின்றன, அது H. G = (5, 1). O = (6, −3). இங்கே O-விலிருந்து H வரை 12 செ.மீ.-க்கு மேல் இருக்கிறது. அதே அரை மி.மீ. பிழைகள் செய்தால் H-இல் அதே 2.5 மி.மீ. விலகல் வரலாம், ஆனால் இவ்வளவு நீளமான கோட்டில் அது சின்னப் பிழையாகவே தெரியும். உள்வட்ட மையம் கோட்டைவிட்டு ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. விலகி நிற்கும். அவள் கேள்விக்குப் படத்தால் சொல்லக்கூடிய பதில் அது.

இனி காரணம். இதே படத்தில் G-யிலிருந்து மற்ற இரண்டுக்கும் எப்படிப் போகிறோம் என்று பாருங்கள். O-வுக்குப் போக வலப்புறம் 1, கீழே 4. H-க்குப் போக இடப்புறம் 2, மேலே 8. அதே பாதை, எதிர்த்திசை, இரண்டு மடங்கு. இது தற்செயலாக வந்ததில்லை. இதற்குள்ளேதான் எல்லாம் இருக்கிறது.

BC, CA, AB பக்கங்களின் நடுப்புள்ளிகளை D, E, F என்று குறித்து இணையுங்கள். உள்ளே தலைகீழாக ஒரு சின்ன முக்கோணம் கிடைக்கும். அதன் ஒவ்வொரு பக்கமும் பெரிய முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணை, நீளத்தில் பாதி. அடுத்து, நடுக்கோட்டு மையம் நடுக்கோட்டை 2 : 1 என்று பிரிக்கும் என்பது பாடத்தில் வந்திருக்கும். அதாவது G-யிலிருந்து A எவ்வளவு தூரமோ, நேர் எதிர்ப்புறத்தில் அதில் பாதித் தூரத்தில் D இருக்கிறது. B-க்கு E-யும் C-க்கு F-உம் அப்படியே. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால், பெரிய முக்கோணத்தை G-யில் ஆணி அடித்து அரைச்சுற்று திருப்பி, பாதியாகச் சுருக்கினால், அது சின்ன முக்கோணத்தின் மேல் பிசகாமல் பொருந்தும்.

முக்கோணத்தோடு சேர்ந்து அதன் மேல் வரைந்த கோடுகளும் திரும்பிச் சுருங்கும் அல்லவா? A வழியாகப் போகும் குத்துக்கோட்டைப் பிடித்துக்கொள்வோம். அரைச்சுற்று திருப்பினால் எந்தக் கோடும் தனக்கு இணையாகத்தான் போய் நிற்கும். அதனால் திரும்பிய பிறகும் அது BC-க்குச் செங்குத்துதான். ஆனால் A போய் D-யில் உட்கார்ந்துவிட்டது, ஆகவே கோடு இப்போது D வழியாகப் போகிறது. D என்பது BC-யின் நடுப்புள்ளி. BC-யின் நடுவில் BC-க்குச் செங்குத்தாக நிற்கும் கோடு எது? அதன் மையக்குத்துக்கோடு!

சின்ன முக்கோணத்தின் குத்துக்கோடே பெரிய முக்கோணத்தின் மையக்குத்துக்கோடு. ஒரே கோடு, இரண்டு பேருக்கு இரண்டு வேலை செய்கிறது. மற்ற இரண்டு குத்துக்கோடுகளுக்கும் இதுவே நடக்கிறது. மூன்று குத்துக்கோடுகளும் மூன்று மையக்குத்துக்கோடுகளாக மாறிவிட்டால், முன்னவை சந்தித்த H, பின்னவை சந்திக்கும் O-வில் போய் விழுந்தாக வேண்டும். ஆணி அடித்த புள்ளி G. ஒரு புள்ளியை G-யைச் சுற்றி அரைச்சுற்று திருப்பினால் பழைய இடம், ஆணி, புதிய இடம் மூன்றும் ஒரே நேர்கோட்டில்தான் இருக்கும், ஆணி நடுவில். சுருக்கம் பாதி என்பதால் GH = 2 GO. ஒரே கோட்டில் அமைவதும் 2 : 1 விகிதமும் தனித்தனிச் செய்திகள் இல்லை என்பது எனக்கு இதில் மிகப் பிடித்த இடம். பள்ளியில் நானும் சாய்வு கண்டுதான் நிறுவினேன். பல வருடம் கழித்து இந்தத் திருப்பலைப் பார்த்த அன்று, வெறும் பேப்பரில் முக்கோணத்தைத் திருப்பித் திருப்பி வரைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

செங்கோண முக்கோணத்தில் H செங்கோண உச்சியிலேயே இருக்கும், O கர்ணத்தின் நடுவில் இருக்கும், அவற்றை இணைக்கும் கோடு ஒரு நடுக்கோடாகிவிடும். சமபக்க முக்கோணத்தில் மட்டும் கோடு என்று ஒன்று கிடையாது, இருப்பது ஒரு புள்ளிதான்.

இதை ஆய்லர் கோடு என்கிறோம். ஆய்லர் இதைத் தேடிப் போகவில்லை. பெர்லினில் இருந்த காலத்தில், 1763-இல், அவர் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு: நான்கு மையங்களையும் கொடுத்துவிட்டால் முக்கோணத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? பக்க நீளங்களை வைத்து மையங்களுக்கு இடையிலான தூரங்களை இயற்கணிதத்தால் கணக்கிட்டுக்கொண்டு போனார். அப்போது மூன்று மையங்கள் ஒரே கோட்டில் இருப்பது அந்தக் கணக்கிலிருந்து வெளிவந்தது. கட்டுரை 1767-இல் பீட்டர்ஸ்பர்க் அகாடமியின் இதழில் லத்தீனில் அச்சானது. யூக்ளிட் சுற்றுவட்டம் வரையக் கற்றுக்கொடுத்து இரண்டாயிரம் வருடங்களுக்குப் பிறகு. நான்காவது புள்ளியாக அவர் வைத்திருந்தது உங்கள் மகள் கேட்கும் அதே உள்வட்ட மையம்தான்.

அது ஏன் சேரவில்லை என்பதையும் அதே ஆணியை வைத்தே பார்த்துவிடலாம். A-யின் கோண இருசமவெட்டியைத் திருப்பிச் சுருக்கினால், D வழியாகப் போகும் இணைகோடு கிடைக்கும். அது சின்ன முக்கோணத்தின் கோண இருசமவெட்டி. ஆனால் பெரிய முக்கோணத்தின் குத்துக்கோடும் இல்லை, மையக்குத்துக்கோடும் இல்லை. குத்துக்கோட்டுக்குக் கிடைத்த இரட்டை வேலை இதற்குக் கிடைக்கவில்லை. அதனால் உள்வட்ட மையம் O-வுக்கோ H-க்கோ போகாமல், சின்ன முக்கோணத்தின் உள்வட்ட மையத்துக்குப் போகிறது. இருசமபக்க முக்கோணத்தில் மட்டும் சமச்சீர் அச்சு எல்லா மையங்களையும் தன் மேல் இழுத்துக்கொள்வதால் உள்வட்ட மையமும் ஆய்லர் கோட்டில் அமையும். வேறு எந்த முக்கோணத்திலும் அமையாது.

அப்படியென்றால் உள்வட்ட மையத்துக்கென்று ஒரு கோடு உண்டு. அதுவும், G-யும், சின்ன முக்கோணத்தின் உள்வட்ட மையமும் ஒரே நேர்கோட்டில், மறுபடியும் 2 : 1 விகிதத்தில் இருக்கும். அந்தப் புதிய புள்ளிக்கு ஒரு பொருளும் இருக்கிறது. முக்கோணத்தை அட்டையில் வெட்டினால் அது சமநிலையில் நிற்கும் இடம் G. ஒரே தடிமனுள்ள கம்பியை முக்கோணமாக வளைத்தால் அதன் எடை மையம் G-யில் இருக்காது, இந்தப் புதிய புள்ளியில் இருக்கும். உங்கள் பழைய படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் இந்தப் புள்ளி (6.5, 4). உள்வட்ட மையம் (6, 4), G (6.33, 4). மூன்றும் அடிப்பக்கத்திலிருந்து சரியாக 4 செ.மீ. உயரத்தில் இருப்பதால், அடிப்பக்கத்துக்கு இணையாக 4 செ.மீ. மேலே ஒரு கோடு இழுத்தால் மூன்றும் அதில் இருக்கும். உங்கள் மகள் தேடிய கோடு அது.