ஒரே குற்றத்துக்கு இரண்டாவது வழக்கா? ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

(கிரிமினல் வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் ஒருவர், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

"சரக்கு வாங்கி 3 லட்சத்துக்கு செக் கொடுத்தேன், திரும்பிவிட்டது. செக் திரும்பினால் போடும் 138 கேஸில் தண்டனை ஆகி, அபராதமும் கட்டிவிட்டேன். இப்போது அதே ஆள் மோசடி என்று போலீசில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர் போட்டிருக்கிறார்கள். செல்லுமா?" (கடை வைத்திருப்பவர்)

பணமும் ஆளும் செக்கும் ஒன்றுதான் என்பதால் குற்றமும் ஒன்று என்று உங்களுக்குத் தோன்றுகிறது. கோர்ட் அப்படிப் பார்ப்பதில்லை. முதல் வழக்கில் எதை நிரூபித்தார்கள், இரண்டாவதில் எதை நிரூபிக்க வேண்டும் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்.

138-ல் நிரூபித்தது என்ன? கடனுக்காகக் கொடுத்த செக் திரும்பியது, நோட்டீஸ் வந்தது, 15 நாளில் நீங்கள் பணம் கட்டவில்லை. அவ்வளவுதான். உங்கள் மனதில் என்ன இருந்தது என்று அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மோசடி வழக்கு முழுக்க மனதைப் பற்றியது. சரக்கு வாங்கிய அந்த நேரத்திலேயே பணம் தரக்கூடாது என்ற எண்ணத்தோடு ஏமாற்றி வாங்கினீர்கள் என்று காட்டியாக வேண்டும். வியாபாரம் பிறகு நொடித்துப்போய்க் கட்ட முடியாமல் போனது மோசடி ஆகாது.

ஆகவே புகாரை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். 'செக் திரும்பிவிட்டது, ஏமாற்றிவிட்டார்' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லையென்றால், ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததற்கான அடிப்படையே இல்லை என்று சொல்லி உயர் நீதிமன்றத்தில் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்கலாம். போலி ஸ்டாக் கணக்கைக் காட்டி சரக்கு வாங்கினீர்கள் என்பதுபோல் ஏதாவது இருந்தால், 'ஒரே குற்றம்' என்ற வாதம் அந்த இடத்தில் பலவீனமாகிவிடும்.

"மேடம், இதில் உச்ச நீதிமன்றமே இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறதே? கொல்லா வீர ராகவ ராவ் (2011) தீர்ப்பை வைத்து இவர் தப்பிக்க முடியாதா?" (இளம் வழக்கறிஞர்)

சரியாகப் பிடித்தீர்கள். ஒரே குற்றத்துக்கு ஒருவர் மேல் இருமுறை வழக்குத் தொடுத்துத் தண்டிக்கக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 20(2), 'ஒரே குற்றம்' என்பதோடு நின்றுவிடுகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 300, அதாவது அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்-ன் 337, இன்னும் ஒரு படி போகிறது. அதே உண்மைகளின் மேல் அப்போதே சுமத்தியிருக்கக்கூடிய சில வேறு குற்றங்களுக்கும் மறுவிசாரணை கூடாது என்கிறது. கொல்லா தீர்ப்பு அந்த அகலமான பகுதியைப் பிடித்துக்கொண்டு, 138-ல் தண்டனை பெற்றவரை அதே உண்மைகளுக்காக 420-ல் விசாரிக்கக் கூடாது என்றது. அடுத்த வருடமே சங்கீதாபென் வழக்கில், 420-க்கு வேண்டிய கெட்ட எண்ணம் 138-க்குத் தேவையில்லை, ஆகவே இரண்டும் வேறு என்றார்கள். இரண்டுமே இரு நீதிபதிகள் அமர்வு. 2022-ல் வேதாசிங் வழக்கில் இந்த முரண்பாட்டைப் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள்.

என் கருத்தைக் கேட்டால், சங்கீதாபென் சொல்லும் காரணம் 20(2)-க்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் 337-ன் அகலமான சொற்களுக்கு அது முழுப் பதில் இல்லை. கடைக்காரருக்கு நான் மனு எழுதினால் கொல்லாவையும் சேர்ப்பேன், ஆனால் அதை மட்டும் நம்பிப் போக மாட்டேன்.

"ஒருவர் விடுதலை ஆகிவிட்டால் 20(2) அவரைக் காப்பாற்றும். அப்புறம் அரசு அப்பீல் போவதே சட்டவிரோதம்தானே?" (கல்லூரி ஆசிரியர்)

பாதி சரி. விடுதலை ஆனவருக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் அது 20(2)-ல் இருந்து வருவதில்லை. அங்கே வழக்குத் தொடுத்து, தண்டிக்கவும் பட்டிருக்க வேண்டும் என்று இருக்கிறது. விடுதலை ஆனவர் தண்டிக்கப்படவில்லையே. அவருக்குத் துணை 337. அதிலும் அந்த விடுதலை 'அமலில் இருக்கும்வரை' என்று ஒரு நிபந்தனை உண்டு. அப்பீல் என்பது அதே வழக்கின் தொடர்ச்சி, புது வழக்கு அல்ல. அமெரிக்காவில் விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அரசு அப்பீல் போக முடியாது. அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

"ஆபீஸ் ஸ்டோரில் பொருள் குறைந்தது என்று துறை விசாரணை வைத்து என் இரண்டு இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள். இப்போது அதற்கே கிரிமினல் கேஸும். ஒரு தப்புக்கு எத்தனை தண்டனை?" (அரசு ஊழியர்)

உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் இந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது. முதல் நடவடிக்கை ஒரு கோர்ட்டின் முன் நடந்திருக்க வேண்டும்.

1949-ல் மக்பூல் ஹுசைன் என்பவர் ஜெத்தாவிலிருந்து பம்பாய் விமான நிலையத்தில் 107 தோலாவுக்கு மேல் தங்கத்துடன் இறங்கினார். சுங்கத்துறை தங்கத்தைப் பறிமுதல் செய்து, 12,000 ரூபாய் கட்டினால் மீட்டுக்கொள்ளலாம் என்றது. அடுத்த வருடம் அதே தங்கத்துக்காக அன்னியச் செலாவணிச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் முன் வழக்கு வந்தது. ஏற்கெனவே தண்டித்துவிட்டீர்களே என்று அவர் 20(2)-ஐக் காட்டினார். 1953-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சுங்க அதிகாரி கோர்ட் அல்ல, பறிமுதல் வருவாயைக் காக்க எடுத்த நடவடிக்கை என்றது. மறு வருடம் வெங்கடராமன் வழக்கில், துறை விசாரணையில் பதவி நீக்கப்பட்ட அதிகாரிக்கும் இதே பதில்தான் கிடைத்தது.

உங்களுக்குச் சம்பளம் குறைவதும் தண்டனைதான், அதன் வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் துறை விசாரணையில் சாட்சிகள் சொன்னதை வாங்கி வையுங்கள். கிரிமினல் கேஸில் அவர்கள் மாற்றிப் பேசினால் குறுக்கு விசாரணையில் கைகொடுக்கும்.

"ஒரே சண்டைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு ஸ்டேஷனில் புகார் கொடுத்து இரண்டு எஃப்.ஐ.ஆர். இதுவும் இரட்டை விசாரணைதானே?" (இல்லத்தரசி)

இல்லை அம்மா. உங்கள் விஷயத்தில் ஒரு விசாரணையும் இன்னும் முடியவில்லை. ஒரே சம்பவத்துக்கு இரண்டாவது எஃப்.ஐ.ஆர் கூடாது என்பது தனி விதி. 2001-ல் டி.டி. ஆன்டனி வழக்கில் வந்தது. இரண்டாவதை ரத்து செய்ய அதன்படி உயர் நீதிமன்றத்தில் கேளுங்கள். ஆனால் அதே சண்டையைப் பற்றி நீங்கள் கொடுக்கும் எதிர்ப் புகாரை இந்த விதி தடுக்காது.

"புகார்தாரர் வராததால் என் 138 கேஸ் முடிந்துவிட்டது. திரும்பப் போடுவாரா? போட்டால் நான் என்ன செய்ய?" (பெயர் வேண்டாம் என்றவர்)

உத்தரவில் என்ன சொல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 138 போன்ற சம்மன் வழக்கில் புகார்தாரர் வராமல் போனால் வருவது விடுதலை. சாட்சியே விசாரிக்காவிட்டாலும் அது விடுதலைதான், அதே செக்குக்கு மறுபடி புகார் போட முடியாது. அவருக்கு உள்ள வழி அப்பீல். மோசடி போன்ற வாரண்ட் வழக்கில் 'விடுவிப்பு' என்று வந்திருந்தால் அது விடுதலை ஆகாது, மறுபடி வரலாம்.

வந்துவிட்டால், ஆரம்பத்திலேயே மனு போடுங்கள். தீர்ப்பு மட்டும் போதாது. முதல் புகார் மனு, சாட்சியங்கள், தீர்ப்பு மூன்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். ஒருமுறை தீர்ப்பு நகலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நான் வாதாடினேன். முதல் வழக்கில் சொன்ன உண்மைகள் எவை என்று அதிலிருந்து தெரியவில்லை என்று மனு தள்ளுபடி ஆனது. பழைய கோப்பிலிருந்து புகார் மனுவைத் தேடி எடுத்த பிறகுதான் மேல் கோர்ட்டில் அந்த இரண்டாவது வழக்கு நிறுத்தப்பட்டது.