லூப் ஆகும் இடத்தில் இசை துண்டாகிறது, என்ன செய்வது?

கேள்வி: குன்னூரில் மலை ரயிலை வைத்து ஒரு கேம் செய்கிறேன். பின்னணி இசை MP3. ஒவ்வொரு சுற்று முடிவிலும் சின்ன இடைவெளி கேட்கிறது. ஏன்?

பதில்: முதலில் அதே இசையை, MP3-இலிருந்து மாற்றாமல், மூல ப்ராஜெக்டிலிருந்தே WAV ஆக எக்ஸ்போர்ட் செய்து லூப்பில் ஓடவிடுங்கள். இடைவெளி மறைந்தால் குற்றவாளி MP3தான். அது ஒலியை 1152 சாம்பிள் கொண்ட கட்டங்களாகவே அடைக்கும். முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும். அதை வெட்டி மறுபடி MP3 ஆக்கினால் மறுபடி ஒட்டும், வீண் வேலை. அந்த WAV-ஐ நேராக OGG ஆக்குங்கள். அது சரியான நீளத்தைக் குறித்துவைக்கும்.

WAV-லேயே ‘டிக்’ கேட்டால் வேறு கதை. முடிவிலும் தொடக்கத்திலும் அலை வெவ்வேறு உயரத்தில் நிற்கிறது, அல்லது கடைசி ஸ்வரத்தின் எதிரொலி பாதியில் அறுபடுகிறது. பலர் ஃபேட் போட்டு மூடுவார்கள். அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் இசை பள்ளத்தில் இறங்கி ஏறும். மாறாக, இசையை இரண்டு முறை தொடர்ந்து வாசிக்கவிட்டு எக்ஸ்போர்ட் செய்து, இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டுங்கள். நிமிடத்துக்கு 96 தட்டு, நான்கு தட்டில் 16 பார் என்றால் ஒரு சுற்று சரியாக 40 விநாடி. 40 முதல் 80 வரை எடுத்தால், முதல் சுற்றின் எதிரொலி தொடக்கத்திலேயே கலந்திருக்கும். சுற்றுக்குச் சுற்று தற்செயலாக மாறும் எஃபெக்ட் இருந்தால் மட்டும் இது பொருந்தாது.