ஒரு வார யாத்திரைக்கு மொத்தச் செலவு

"ஐந்து பேர், ஏழு நாள், இரண்டு தலங்கள், ரயிலில் போகிறோம். டிக்கெட் போக எவ்வளவு எடுத்து வைப்பது?"

முதலில் இரவுகளை எண்ணுங்கள். ஏழு நாளுக்கு ஆறு இரவு, போக ஒன்று வர ஒன்று ரயிலிலேயே கழிந்தால் தங்க வேண்டியது நான்கு இரவுதான், இரண்டு அறை என்றால் எட்டு வாடகை. ஆனால் கடைசி நாள் காலையிலேயே அறையைக் காலி செய்துவிட்டு இரவு ரயிலுக்குக் காத்திருப்பது பெரியவர்களுக்கு ரொம்பச் சிரமம், அதனால் ஓர் அறையை மட்டும் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஆக ஒன்பது.

சாப்பாடு 105 வேளை. அதை ரயிலில், வெளியில் என்று பிரித்து விலை போடுங்கள்.

அப்புறம் உள்ளூர் வண்டி, எங்கள் கணக்கு தவறியது இதில்தான். வீட்டிலிருந்து நிலையம், திரும்ப வீடு, இரண்டு ஊரிலும் நிலையத்துக்கும் அறைக்கும் போக வர என்று ஆறு சவாரி. மூட்டையோடு ஐந்து பேர் ஒரே வண்டியில் ஏற முடியாது, எனவே பன்னிரண்டு. தரிசனத்துக்கு மூட்டை இல்லாமல் ஒரே வண்டியில் போக வர, தலத்துக்கு ஒருமுறை என்றாலே இன்னும் நான்கு. பதினாறு வண்டிக்கூலி! நாங்கள் நான்குதான் போட்டிருந்தோம்.