511 எழுத்தும் ஒன்றாக இருந்தால் டெங்கு எங்கிருந்து வந்தது?

கேள்வி: கடலூரில் எடுத்த டெங்கு-2 மாதிரிகளும் புதுச்சேரி மாதிரிகளும் வைரஸ் மரபணுத்தொகுதியின் 511 எழுத்து கொண்ட சிபிஆர்எம் பகுதியில் நூறு சதவீதம் ஒத்துப்போகின்றன. புதுச்சேரியிலிருந்துதான் வைரஸ் கடலூருக்கு வந்தது என்று ஆய்வறிக்கையில் எழுதலாமா?

எழுத வேண்டாம். அந்த 511 எழுத்துக்கு இந்தக் கேள்வியைத் தாங்கும் சக்தி இல்லை.

டெங்கு மரபணுத்தொகுதியின் நீளம் சுமார் 10,700 எழுத்துகள். ஓர் எழுத்துக்கு, ஓர் ஆண்டில், ஏறத்தாழ 0.0008 மாற்றம் நிலைத்து நிற்கிறது. அதாவது முழுத்தொகுதியில் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது மாற்றங்கள். 511 எழுத்தில் பார்த்தால் ஆண்டுக்கு 0.4தான். இரண்டு மாதிரிகளின் பொது மூதாதை ஓராண்டுக்கு முன் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். கிளைகள் இரண்டு என்பதால் எதிர்பார்க்கும் வேறுபாடு 0.8. அப்போதும் ஒரு வேறுபாடுகூட இல்லாமல் போக 45 சதவீத வாய்ப்பு உண்டு. இரண்டாண்டு என்றால்கூட 20 சதவீதம். ஆக, உங்கள் நூறு சதவீதம் ‘இந்த மழைக்காலம்’ என்றும் சொல்லவில்லை, ‘போன வருடம்’ என்பதையும் மறுக்கவில்லை.

ஆர்என்ஏ வைரஸ் வேகமாக மாறும் என்று படித்திருப்பீர்கள். நகலெடுக்கும்போது பிழைகள் நிறைய விழுவது உண்மை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வைரஸுக்கே கேடு என்பதால் அழிந்துபோகும். காலக்கணக்குக்கு உதவுவது தப்பிப் பிழைத்து நிலைத்தவைதான்.

முழுத்தொகுதியை வாசித்தால் நிலைமை மாறும். ஒரே சமயத்தில் எடுத்த இரு மாதிரிகளுக்கு இடையே ஐந்து வேறுபாடு இருந்தால், பொது மூதாதை மூன்றரை மாதத்துக்கு முன் என்று வரும். பிழை எல்லையோ ஒரு மாதம் முதல் எட்டு மாதம் வரை! கொசுவிலிருந்து மனிதர், மனிதரிலிருந்து கொசு என ஒரு சுற்றுக்கு மூன்று வாரம் வைத்தால், ஒரு சுற்றில் விழுவது அரை மாற்றம்தான். அதனால் ‘யாரிடமிருந்து யாருக்கு’ என்பது முழுத்தொகுதியிலும் தெரியாது. எந்தப் பரம்பரை, சுமார் எப்போது பிரிந்தது என்பது தெரியும்.

மாதிரிகளின் உறவைக் காட்டும் மரம் வரையும்போது ஒரு பொறி இருக்கிறது. வேறுபாடே இல்லாத மரபணு வரிசைகளையும் மென்பொருள் ஒன்றன்பின் ஒன்றாக ஏணிபோல் அடுக்கிவிடும். அதைப் பார்த்து ‘முதலில் புதுச்சேரி’ என்று படித்துவிடாதீர்கள். நீளமில்லாத கிளைகளை மடக்கச் சொல்லுங்கள்:

```
iqtree2 -s denv2.fasta -m MFP -B 1000 -czb
```

அப்புறம், திசை. பலவகைப்பட்ட புதுச்சேரி வரிசைகளின் நடுவே கடலூர் வரிசைகள் எல்லாம் ஒரே கொத்தாக, நல்ல பூட்ஸ்ட்ராப் ஆதரவோடு விழுந்தால் உங்கள் ஊகத்துக்கு வலு உண்டு. ஆனால் புதுச்சேரியில் முப்பதும் கடலூரில் நான்கும் எடுத்திருந்தால், மாதிரி எண்ணிக்கையே அந்தத் தோற்றத்தை உண்டாக்கிவிடும். சென்னை, கேரள வரிசைகளையும் ஜென்பேங்க் பொதுத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துச் சேருங்கள். இரு ஊருக்குமே வைரஸ் மூன்றாம் இடத்திலிருந்து வந்திருக்கலாம். தினமும் பஸ்ஸில் இரு பக்கமும் ஆட்கள் போய்வரும் ஊர்கள் இவை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் பாகூர் மாதிரிகளை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்?

இப்போதைக்கு அறிக்கையில் ‘இரு ஊர் மாதிரிகளும் நெருங்கிய உறவுள்ளவை, திசையை இத்தரவு காட்டவில்லை’ என்று எழுதுங்கள். மாதிரி மிச்சமிருந்தால், காய்ச்சல் தொடங்கிய தேதியோடு முழுத்தொகுதி வாசிப்புக்கு அனுப்புங்கள்.