பற்றரி கிளாம்ப் இறுகிவிட்டதா? மேல்நோக்கி மட்டும் இழுங்கள்

கேள்வி: என் சிறிய ஜப்பானியக் காரின் பற்றரி வாங்கி 14 மாதம். நேர் முனைக் கிளாம்ப் பச்சையாகப் பூத்து அசையவே மாட்டேன் என்கிறது. கராஜில் தட்டிக் கழற்றலாம், முனை உடைந்தால் புதுப் பற்றரி போடவேண்டும் என்கிறார்கள். வேறு வழி உண்டா? – வெள்ளவத்தை வாசகர்

பதில்: உண்டு. தட்ட விடாதீர்கள். அந்த முனை மென்மையான ஈயம். மூடிக்குக் கீழே உள் தகடுகளோடு இணைந்திருக்கிறது. பக்கவாட்டில் தட்டினாலோ கிளாம்பைத் திருகினாலோ அந்த இணைப்பும் மூடியைச் சுற்றியுள்ள அடைப்பும்தான் விடும். முனை மேலே போகப்போக ஒடுங்குவதால், கிளாம்ப் நேர் மேலாக ஓரிரு மில்லிமீற்றர் எழும்பினாலே தானாகத் தளர்ந்துவிடும்.

எஞ்சினை நிறுத்தி, முதலில் எதிர் முனையைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். அதைச் செய்யாமல் நேர் முனையில் ஸ்பேனர் போட்டால், அது கார் உடலில் பட்டதும் பொறி பறக்கும். கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். ஒரு கோப்பை சுடுநீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச் சோடாவைக் கரைத்து, கிளாம்பின் மேல் கரண்டியால் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். பற்றரியின் மூடித் துளைகளுக்குள் இது போகக்கூடாது. உள்ளே அமிலத்தைக் கெடுத்துவிடும். நுரை அடங்கும்வரை இரண்டு மூன்று தடவை ஊற்றி, தண்ணீரால் கழுவித் துடையுங்கள்.

நட் பெரும்பாலும் 10 மில்லிமீற்றர். போல்ட்டின் தலையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டே நட்டைத் திருப்புங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கொடுக்கும் விசை முழுவதும் முனையைத்தான் முறுக்கும். நட் தளர்ந்ததும், கிளாம்பின் பிளவுக்குள் தட்டை ஸ்குரூ டிரைவரை நுழைத்து மெல்லத் திருப்பி, வாயைச் சற்று விரியுங்கள். அப்படியும் வராவிட்டால் பற்றரி டெர்மினல் புல்லர் தேவை. அதன் இரு கால்களும் கிளாம்பின் அடியைப் பிடிக்கும், நடுத் திருகு முனையின் தலையில் ஊன்றும். கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள். ஸ்குரூ டிரைவரைப் பற்றரி மூடியில் ஊன்றி நெம்பினால் மூடியில் வெடிப்பு விழும்.

கழன்றபின் முனையின் அடியைப் பாருங்கள். சுற்றிலும் ஈரமோ வெடிப்போ இருந்தாலும், முனை விரலால் அசைந்தாலும் அடைப்பு விட்டுவிட்டது. சுத்தம் செய்து சில வாரங்களிலேயே அதே முனை மறுபடி பூப்பதும் அதன் அறிகுறிதான். உத்தரவாதக் காலம் முடியாவிட்டால், கழற்றத் தொடங்கும் முன்பே அந்த இடத்தைப் படமெடுத்து, அட்டையோடு விற்றவரிடம் கொண்டுபோங்கள். சுத்தியல் அடையாளம் இருந்தால், சேதம் உங்கள் கையால் வந்தது என்று சொல்ல இடம் கொடுத்துவிடும். காரணமின்றி மறுத்தால் நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம்.

கிளாம்ப் அரித்துப் போயிருந்தால் பஞ்சிகாவத்தையில் புதியது வாங்குங்கள், பழையதையும் கொண்டுபோங்கள். நேர் முனை எதிர் முனையைவிடத் தடிப்பானது; சிறிய ஜப்பானியக் கார்கள் பலவற்றில் இரண்டுமே மெல்லியவை. அளவு மாறினால் மறுபடி அடித்து இறக்க வேண்டிவரும்.