வெளிநாட்டில் அட்டையைத் தேய்த்தால் எவ்வளவு கூடுதலாகப் போகிறது? – கேள்வி பதில்

வங்கியொன்றின் அட்டைப் பிரிவில், வாடிக்கையாளர்கள் மறுக்கும் பரிவர்த்தனைகளைப் பார்க்கும் மேசையில் நெடுநாள் பணியாற்றியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இந்திய வங்கிகள் தரும் அட்டைகளைப் பற்றி மட்டுமே பேசுவேன். கணக்கு எளிதாகப் புரிய வேண்டும் என்பதற்காக, எல்லாப் பதில்களிலும் ஒரு சிங்கப்பூர் டாலர் 65 ரூபாய் என்றே வைத்துக்கொள்கிறேன். இன்றைய விகிதம் வேறாக இருக்கும்.

கேள்வி: சிங்கப்பூரில் 200 டாலருக்குக் கைக்கடிகாரம் வாங்கினேன். உடனே வந்த குறுஞ்செய்தியில் 13,000 ரூபாய் என்றிருந்தது. ஸ்டேட்மென்டில் 13,500-க்கு மேல் போயிருக்கிறது. யார் எடுத்தார்கள்?

உங்கள் வங்கியும் அரசும் எடுத்திருக்கின்றன. கடைக்காரருக்கு இதில் பங்கில்லை. குறுஞ்செய்தி வந்தபோது நடந்தது அனுமதி மட்டுமே. அந்தத் தொகை உங்கள் வரம்பிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டது. கடையின் வங்கி கணக்கை அனுப்பி, விசா அல்லது மாஸ்டர்கார்டு தன் விகிதத்தில் டாலரை ரூபாயாக்கி, உங்கள் வங்கி அதைக் கணக்கில் ஏற்றும்போதுதான் உண்மையான தொகை முடிவாகிறது. இதற்கு ஓரிரு நாட்கள் ஆகலாம். அதற்குள் விகிதமும் சற்று நகரலாம்.

விகிதம் 65-லேயே நின்றது என்று கொண்டால் உங்கள் கணக்கு இப்படி வரும். 200 டாலருக்கு 13,000 ரூபாய். அதன்மேல் வங்கி தன் மார்க்கப்பைச் சேர்க்கிறது. நம் ஊர்க் கடன் அட்டைகள் பலவற்றில் இது 3.5 சதவீதம், அதாவது 455 ரூபாய். இது வங்கி வாங்கும் கட்டணம் என்பதால் அந்த 455-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அது 81 ரூபாய் 90 பைசா. ஆக மொத்தம் 13,536.90. நீங்கள் ஒரு டாலருக்கு உண்மையில் கொடுத்தது 67 ரூபாய் 68 பைசா. 3.5 என்று விதிமுறைத் தாளில் படித்தாலும் கையைவிட்டுப் போவது 4.13 சதவீதம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில வங்கிகள் மார்க்கப்பைப் பொருளின் விலையோடு சேர்த்தே காட்டும். சில வங்கிகள் அந்த மாதத்தின் எல்லா வெளிநாட்டுச் செலவுகளுக்குமாகச் சேர்த்து `FCY MARKUP FEE` போன்ற ஒரே வரியாகவும், வரியைத் தனியாகவும் காட்டும். இரண்டாம் வகையென்றால், பொருளின் வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கூடுதல் எதுவும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்டேட்மென்டின் கடைசி வரை பாருங்கள்.

கேள்வி: அதே நாளில் கூகுளில் 64.80 என்று காட்டியதே? விகிதத்திலேயே ஏமாற்றிவிட்டு அதற்குமேல் கட்டணம் வேறு வாங்குகிறார்கள் என்பதுதானே உண்மை?

பாதி சரி. கூகுள் காட்டுவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள எண். அந்த விலையில் உங்களுக்கோ எனக்கோ யாரும் டாலர் தருவதில்லை. அட்டை நிறுவனங்களின் விகிதம் அதிலிருந்து சற்று விலகியே இருக்கும். ஆனால் எவ்வளவு என்று பாருங்கள்: 20 பைசா வித்தியாசம் 200 டாலருக்கு 40 ரூபாய், மார்க்கப்பும் வரியும் சேர்ந்து 536.90. சண்டை போட வேண்டிய இடம் இரண்டாவதுதான். விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் இணையதளத்திலும் நாள்வாரி விகிதத்தைக் கணக்கிடும் பக்கம் உண்டு. அதில் வங்கிக் கட்டணத்துக்கான கட்டத்தில் சுழியம் போட்டு, கணக்கில் ஏறிய தேதியைக் கொடுத்துப் பார்த்தால் வங்கி எவ்வளவு சேர்த்தது என்பது தனியாகத் தெரிந்துவிடும்.

கேள்வி: கடையில் இயந்திரம் ரூபாயா, டாலரா என்று கேட்கும்போது நான் எப்போதும் ரூபாயைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்காளன் நான். தொகை அங்கேயே உறுதியாகிவிடுகிறது; அலுவலகத்தில் பில் வைக்கவும் வசதி. இதில் என்ன தவறு?

தொகை உறுதியாகிறது என்பது உண்மை. எந்த விகிதத்தில் உறுதியாகிறது என்பதுதான் கேள்வி. ரூபாயை அழுத்திய மறுகணம், மாற்றும் வேலை அட்டை நிறுவனத்திடமிருந்து கடையின் பக்கம் போய்விடுகிறது. அவர்கள் தங்கள் லாபத்தைச் சேர்த்த விகிதத்தைப் போடுவார்கள். அது 69.50 என்றால் அதே கடிகாரம் 13,900 ரூபாய். பிறகு ஊர் திரும்பிப் பார்த்தால், வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் நடந்த பரிவர்த்தனைக்கென்று உங்கள் வங்கியே தனிக் கட்டணம் போட்டிருக்கும். ஒரு சதவீதம் என்றாலும் வரியோடு 164.02, மொத்தம் 14,064.02. டாலரிலேயே விட்டிருந்தால் 13,536.90. நீங்கள் நம்பிய உறுதியும் இல்லை. 527 ரூபாயும் போயிற்று.

உள்ளூர் நாணயத்தையே அழுத்துங்கள். இன்று இதை இன்னும் சில முறை சொல்ல வேண்டியிருக்கும்.

மீண்டும் அதே கணக்காளர்: என் வங்கி அந்த ரூபாய்க் கட்டணத்தை வாங்குவதில்லை. விதிமுறைத் தாளைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அப்படியானால் 164.02-ஐக் கழித்துவிடுங்கள். அப்போதும் 13,900-க்கும் 13,536.90-க்கும் 363 ரூபாய் வித்தியாசம் நிற்கிறது.

இடையில் ஒருவர்: நான் சிங்கப்பூரில் கடைகளுக்கு அட்டை இயந்திரம் பொருத்தும் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ரூபாயில் மாற்றினால் வரும் லாபத்தில் கடைக்கும் ஒரு பங்கு கிடைப்பது உண்மைதான். அதனால்தான் சில காசாளர்கள் கேட்காமலே ரூபாயை அழுத்திவிடுகிறார்கள். ஆனாலும் ஐயா சொல்வது எப்போதும் பொருந்தாது. இயந்திரத்தின் லாபம் 3 சதவீதமாகவும், அட்டையின் மார்க்கப் வரியோடு 4.13 ஆகவும் இருந்தால் ரூபாய்தானே மலிவு?

கணக்கு சரி; மறுக்க மாட்டேன். வங்கி தனிக் கட்டணம் வாங்காத அட்டையாக இருந்து, இயந்திரம் காட்டும் விகிதம் 67.68-க்குக் கீழே இருந்தால் ரூபாய் மலிவுதான். ஆனால் இதைக் கண்டுபிடிக்க, அன்றைய அட்டை நிறுவன விகிதம், தன் அட்டையின் மார்க்கப், தன் வங்கியின் ரூபாய்க் கட்டணம் ஆகிய மூன்றும் வரிசையில் பின்னால் ஆள் நிற்கும்போது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் மேசைக்கு வந்தவர்களில் இம்மூன்றும் தெரிந்திருந்தவர்கள் மிக அரிது. அதனால் பொதுவாகச் சொல்லும்போது உள்ளூர் நாணயம் என்றே சொல்வேன்.

கணக்காளர்: அப்படியென்றால் என்னைப் போல் கணக்குப் பார்த்துச் செய்பவருக்கு ரூபாய் தவறில்லை என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

கணக்குப் பார்த்தால் ஒப்புக்கொள்வேன். "எப்போதும் ரூபாய்" என்றுதான் நீங்கள் எழுதினீர்கள். எப்போதும் என்பது கணக்குப் பார்ப்பது ஆகாது. அலுவலகத்துக்கு வைக்கும் பில்லைப் பொறுத்தவரை, கடைச் சீட்டோடு ரூபாய்த் தொகை உள்ள ஸ்டேட்மென்ட் பக்கத்தையும் இணைத்துப் பாருங்கள். அதை ஏற்பதா என்பது உங்கள் நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது.

கேள்வி: பாங்காக்கில் ஏடிஎம் ரூபாய்த் தொகையைக் காட்டி `Accept conversion`, `Decline conversion` என்று கேட்டது. மறுத்தால் பணம் வராதோ என்ற பயத்தில் ஏற்றுக்கொண்டேன், தம்பி. சரிதானே?

இல்லை அம்மா, மறுத்தாலும் பணம் வரும். நீங்கள் மறுப்பது ரூபாயாக மாற்றித் தரும் அவர்களுடைய விகிதத்தை மட்டுமே. பாட் நோட்டு வழக்கம்போல் வந்து விழும், மாற்றுவதை அட்டை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். அந்தத் திரையின் வாசகம் பலரையும் உங்களைப் போலவே அஞ்ச வைக்கிறது. அந்த ஏடிஎம்மின் சொந்தக் கட்டணம் எதை அழுத்தினாலும் உண்டு. அதனால் சிறு சிறு தொகையாக எடுக்காமல் ஒரே முறையாக எடுங்கள். கடன் அட்டையில் எடுக்கவே வேண்டாம்: ரொக்கத்துக்கு முன்கட்டணமும், எடுத்த நாள் முதலே வட்டியும் உண்டு.

கேள்வி: நான் வெளிநாடே போனதில்லை. ஒரு செயலிக்கு மாதம் 499 ரூபாய், ரூபாயில்தான் கட்டுகிறேன். அதற்கும் வெளிநாட்டுக் கட்டணம் போட்டிருக்கிறார்கள். தவறுதலா?

பெரும்பாலும் தவறுதல் இல்லை. விலை எந்த நாணயத்தில் காட்டப்படுகிறது என்பதை வங்கி பார்ப்பதில்லை. பணத்தைப் பெறும் நிறுவனத்தின் கணக்கு எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. ஸ்டேட்மென்டில் நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் வரும் ஊரையும் நாட்டையும் பாருங்கள். அங்கே வெளிநாட்டின் பெயர் இருந்தால், மேலே சொன்ன ரூபாய்க் கட்டணம்தான் இது. இந்தியாவின் பெயர் இருந்தும் கட்டணம் விழுந்திருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். திரும்பக் கிடைக்கும் வாய்ப்புண்டு.

கேள்வி: அடுத்த மாதம் துபாய் போகிறேன். ரூபாயில் கட்டினால் எளிது என்கிறார்களே?

மேலே திருப்பூர் நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள். உள்ளூர் நாணயம்.

கேள்வி: எந்த அட்டை வாங்கலாம்? மார்க்கப் இல்லாத அட்டையா, முன்கூட்டியே பணம் போடும் ஃபாரெக்ஸ் அட்டையா?

வங்கிப் பெயர் சொல்லிப் பரிந்துரைக்க மாட்டேன். மார்க்கப் இல்லாத அட்டையில் நம் கடிகாரம் 13,000 ரூபாயோடு முடிந்துவிடும். அதன் ஆண்டுக் கட்டணத்தை உங்கள் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபாரெக்ஸ் அட்டையில் பணம் போடும்போதே அவர்கள் விகிதத்தில் லாபம் சேர்ந்திருக்கும். அமெரிக்க டாலர் போட்ட அட்டையைச் சிங்கப்பூரில் தேய்த்தால் நாணயம் மாற்றியதற்கென்று இன்னொரு கட்டணமும் விழும். எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அந்த நாணயத்தையே போடுங்கள்.

கேள்வி: டிசிஎஸ் பிடிப்பார்களா?

அது வருமான வரிக் கேள்வி. உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

கேள்வி: நான் டாலர் என்று வாயால் சொன்னேன். காசாளர் ரூபாயை அழுத்திவிட்டார். விடுதிக்கு வந்த பிறகுதான் சீட்டைப் பார்த்தேன். ஏதாவது செய்ய முடியுமா?

கடையிலேயே பார்த்திருந்தால், ரத்து செய்துவிட்டுச் சிங்கப்பூர் டாலரில் மறுபடி போடச் சொல்லியிருக்கலாம். அதே நாளில் அது எளிது. வெளியே வந்த பிறகு இருக்கும் வழி, வங்கியில் பரிவர்த்தனை மறுப்பு கொடுப்பது. எந்த நாணயம் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அட்டைதாரருக்கே என்பது அட்டை நிறுவனங்களின் விதி. எனவே "பொருளை மறுக்கவில்லை, நாணயத் தேர்வு என்னுடையது அல்ல" என்று தெளிவாக எழுதி, சீட்டின் நகலையும் விலை டாலரில் இருந்ததற்கான பில்லையும் இணையுங்கள்.

சிக்கல் ஒன்று உண்டு. அந்தச் சீட்டின் அடியில், நாணயத் தேர்வு தனக்கு அளிக்கப்பட்டது என்று அட்டைதாரர் ஒப்புக்கொள்வதாகச் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். நீங்கள் அதில் கையெழுத்துப் போட்டிருந்தாலோ பின் எண்ணைத் தட்டியிருந்தாலோ கடைக்காரரின் வங்கி அதைத்தான் சான்றாகக் காட்டும்.

சிங்கப்பூர் நண்பர்: தட்டிக் கட்டும் முறையில் கையெழுத்தும் இல்லை, பின் எண்ணும் இல்லை. அப்போது அந்த அச்சு வரிக்கு என்ன மதிப்பு?

என் மேசையில் அத்தகைய வழக்குகள் இரண்டு பக்கமும் தீர்ந்திருக்கின்றன. கேட்டவர் தட்டிக் கட்டியவர் என்றால் அதையும் மறுப்புக் கடிதத்தில் எழுதட்டும். திரை தன் பக்கம் திருப்பப்படவே இல்லை என்றால் அதையும் சேர்க்கட்டும்.