உறைக் கணக்கை ஸ்டேட்மெண்ட்டோடு ஒத்துப் பார்ப்பது எப்படி?

கேள்வி: "சம்பளம் ஒரு பேங்க்ல வருது, வீட்டுச் செலவு இன்னொரு பேங்க்ல, கூட ஒரு கிரெடிட் கார்டு. மாசச் செலவை உறை உறையா பிரிச்சு எழுதி வைக்கிறோம். ஆனா மாசக் கடைசில எந்த உறையும் ஸ்டேட்மெண்ட்டோட ஒத்துப்போறதில்ல. எப்படி செக் பண்றது? வீடு தண்டையார்பேட்டை."

பதில்:

உறை என்று ஒன்று இருப்பதே ஸ்டேட்மெண்ட்டுக்குத் தெரியாது. அக்கவுண்டில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். அதில் மளிகைக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்று சொல்லாது. ஆகவே ஓர் உறையைத் தனியாக எடுத்து ஸ்டேட்மெண்ட் பக்கத்தில் வைத்தால் எந்தக் காலத்திலும் ஒத்துப்போகாது. ஒரே பேங்கில் கிடக்கும் எல்லா உறைகளின் பங்கையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைத்தான் அந்த பேங்கின் ஸ்டேட்மெண்ட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஒவ்வொரு வரவு செலவிலும் இரண்டு விஷயம் பதிவாகியிருக்க வேண்டும்: எந்த உறை, எந்த இடம். உறையை மட்டும் எழுதுவதால்தான் பெரும்பாலான வீட்டுக் கணக்குகள் மாசக் கடைசியில் மாட்டிக்கொள்கின்றன.

ஷீட்டில் தேதி, உறை, இடம், தொகை, டிக் என்று ஐந்து பத்தி போதும். இடம் என்றால் சம்பள அக்கவுண்ட், வீட்டு அக்கவுண்ட், கார்டு, கைக்காசு. வந்த பணம் கூட்டல், போன பணம் கழித்தல். பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, இடது ஓரத்தில் F2-லிருந்து கீழ்நோக்கி உறைகளின் பெயர், மேலே G1-லிருந்து வலப்பக்கமாக இடங்களின் பெயர் எழுதுங்கள். G2-ல் இதைப் போட்டு மற்ற கட்டங்களுக்கு இழுத்துவிடலாம்:

```
=SUMIFS($D:$D,$B:$B,$F2,$C:$C,G$1)
```

குறுக்காகக் கூட்டினால் உறையின் மீதி. நெடுக்காகக் கூட்டினால் அந்த அக்கவுண்டின் மீதி. ஸ்டேட்மெண்ட்டோடு ஒப்பிட வேண்டியது இந்த நெடுக்குக் கூட்டைத்தான்.

இந்த முறையில் இரண்டு வரி எழுத வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. ஒன்றாம் தேதி சம்பள அக்கவுண்டிலிருந்து வீட்டு அக்கவுண்டுக்கு 15,000 அனுப்புகிறீர்கள், அதில் மளிகைக்கு 11,000 என்றால், "மளிகை, சம்பளம், −11,000" என்று ஒரு வரி, "மளிகை, வீடு, +11,000" என்று இன்னொரு வரி. கரண்ட்டுக்கும் மருந்துக்கும் அப்படியே. மொத்தமாக "டிரான்ஸ்ஃபர் 15,000" என்று எழுதிவிட்டால் அந்தப் பணத்துக்கு உறையே இல்லாமல் போகும். ஏடிஎம்மில் எடுப்பதும் இதே கதைதான். அது செலவு இல்லை, வீட்டு அக்கவுண்டிலிருந்து கைக்காசுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே.

மொத்தம் சரியாக இருந்தாலும் கட்டத்துக்குள் ஏதாவது எண் மைனஸில் போயிருக்கிறதா என்று பாருங்கள். கார்டு பத்தியில் மைனஸ் இருப்பது இயல்பு. பேங்க் பத்தியில் இருந்தால் கவனிக்க வேண்டும். மளிகைக்கு சம்பள அக்கவுண்டில் 1,000 இருக்கிறது, வீட்டு அக்கவுண்டில் −600 என்று வைத்துக்கொள்வோம். உறையில் மீதி 400, எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் வீட்டு அக்கவுண்டில் மளிகை அந்த 600-ஐ மருந்துப் பணத்திலிருந்து தின்றுவிட்டது. உறையில் பணம் இருந்தும் இஎம்ஐ பவுன்ஸ் ஆவது இப்படித்தான்: பணம் இருக்கிறது, ஆட்டோ டெபிட் போகும் அக்கவுண்டில் இல்லை. பேங்க் பத்தியில் மைனஸ் கண்டால் அன்றே 600-ஐ இடம் மாற்றிவிடுங்கள்.

இப்போது ஜூன் 30 அன்று வீட்டு அக்கவுண்டைச் சரிபார்ப்பதாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஷீட் சொல்வது இது:

| உறை | வீட்டு அக்கவுண்ட் | கார்டு | உறையில் மீதி |
|---|---|---|---|
| மளிகை, மீன், காய் | 4,900 | −3,400 | 1,500 |
| கரண்ட், கேஸ் | 2,650 | 0 | 2,650 |
| மருந்து | 3,200 | −760 | 2,440 |
| கூட்டு | 10,750 | −4,160 | 6,590 |

ஸ்டேட்மெண்ட்டில் க்ளோசிங் பேலன்ஸ் 11,209.30. வித்தியாசம் 459.30, பேங்கில் அதிகம். (கரண்ட் உறையில் 2,650 இருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். மின்வாரிய பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, பில் வராத மாதத்தில் உறை நிறைந்துதான் நிற்கும்.)

முதலில் ஸ்டேட்மெண்ட்டின் ஓப்பனிங் பேலன்ஸ் போன மாதம் சரிபார்த்து முடித்த தொகைதானா என்று பாருங்கள். அதுவே மாறியிருந்தால் இந்த மாதத்தில் தேடிப் பயனில்லை. சரியாக இருந்தால் வித்தியாசத்தின் பைசாவைக் கவனியுங்கள். ரவுண்டாகவே செலவு செய்யும் வீட்டில் பைசா வருகிறது என்றால் அது பேங்க் போட்ட கட்டணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இங்கே எஸ்எம்எஸ் கட்டணம் 15 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 17.70, பிடித்திருக்கிறார்கள். அந்தக் கட்டணம் இல்லையென்றால் வித்தியாசம் 477 ஆக இருந்திருக்கும்.

அடுத்து ஸ்டேட்மெண்ட்டின் வரவுப் பக்கத்தை மட்டும் படியுங்கள். செலவுப் பக்கம் நூறு வரி இருக்கலாம், வரவுப் பக்கம் ஐந்தாறுதான் இருக்கும், அதனால் வேலை சீக்கிரம் முடியும். ஜூன் காலாண்டு முடிவு என்பதால் சேமிப்பு வட்டி 38 ரூபாய் வந்திருக்கிறது. ஆன்லைனில் ஆர்டர் போட்டு ஸ்டாக் இல்லாமல் போன ஒரு மளிகைப் பொருளுக்கு 349 திரும்பி வந்திருக்கிறது. இரண்டையும் கழித்தால் மிச்சம் 90.

90 ஒன்பதால் வகுபடும். இப்படி ஒன்பதால் வகுபடும் வித்தியாசம் வந்தால் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். காசிமேட்டில் மீனுக்கு யூபிஐயில் கொடுத்த 560-ஐ 650 என்று எழுதியிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க ஸ்டேட்மெண்ட்டோடு வரிக்கு வரி டிக் அடிக்க வேண்டும்.

டிக் அடிக்கும்போது கடைப் பெயரை நம்பாதீர்கள். ஸ்டேட்மெண்ட்டில் பெரும்பாலும் கடைப் பெயர் இருக்காது, க்யூஆர் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயர் வரும். மீன்காரம்மாவின் மகன் பெயராகக்கூட இருக்கலாம். யூபிஐ பரிமாற்றத்துக்கு 12 இலக்க எண் ஒன்று உண்டு, அதைக் கொண்டு பொருத்துங்கள். ஜிபேயில் அது UPI transaction ID என்று இருக்கும், ஃபோன்பேயில் UTR என்று இருக்கும். அதே திரையில் ஆப் தன் பங்குக்கு இன்னொரு நீள எண்ணும் காட்டும். அது ஸ்டேட்மெண்ட்டில் வராது, அதை வைத்துத் தேடினால் நேரம்தான் வீண்.

டிக் விழாமல் நிற்கும் வரிகளில் எல்லாமே தப்பு இல்லை. ஸ்கூல் ஃபீஸுக்குக் கொடுத்த செக்கை அவர்கள் இன்னும் போடாமல் இருக்கலாம். அந்த வரி அடுத்த மாதம் டிக் ஆகும். கடையில் காசு பிடித்தும் கடைக்காரருக்குப் போகாத யூபிஐ, ரிசர்வ் வங்கி 2019-ல் கொடுத்த விதிப்படி, பணம் பிடித்த நாளுக்குப் பின் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தனிநபருக்கு அனுப்பியதென்றால் மறுநாளுக்குள். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு. அந்தக் கழித்தல் வரியை அழித்துவிடாமல் அப்படியே விடுங்கள், பணம் வந்ததும் அதே உறையில் கூட்டல் வரி போடுங்கள். அழித்துவிட்டால் பணம் திரும்பி வந்ததா என்று பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

யூபிஐ லைட் வைத்திருந்தால் அதற்குத் தனி இடம் கொடுத்தே ஆக வேண்டும். டீ, பால், ஷேர் ஆட்டோ என்று லைட்டில் கொடுக்கும் சின்னச் செலவு எதுவும் பேங்க் ஸ்டேட்மெண்ட்டில் தனித்தனியாக வராது; லைட்டுக்குப் பணம் ஏற்றிய ஒரே வரிதான் வரும். அந்தச் செலவுகளை வீட்டு அக்கவுண்ட் என்று எழுதினால் டிக் அடிக்க எதுவும் இருக்காது, ஏற்றிய தொகையோ கேட்பாரற்று நிற்கும். மெட்ரோவுக்கு சிங்கார சென்னை கார்டு வைத்திருந்தால் அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை என்பது என் கருத்து. ரீசார்ஜ் செய்த அன்றே அது போக்குவரத்துச் செலவு என்று முடித்துவிடலாம்.

கார்டில்தான் பலருக்கும் குழப்பம். கார்டு தேய்த்த அன்றே உறை குறைய வேண்டும்: "மளிகை, கார்டு, −1,100". பில் கட்டும் நாளில் செலவு எதுவும் நடக்கவில்லை. வீட்டு அக்கவுண்டிலிருந்து கார்டுக்குப் பணம் இடம் மாறுகிறது. பில் கட்டியதைத் தனிச் செலவாக எழுதினால் அதே மளிகை இரண்டு தடவை கழிந்துவிடும். இன்னொன்று, கார்டில் எந்த உறைகளின் செலவு ஏறுகிறதோ அவற்றின் பணம் கிடக்கும் அக்கவுண்டிலிருந்தே பில்லைக் கட்டுங்கள். மளிகைப் பணம் வீட்டு அக்கவுண்டில் இருக்க, பில்லை சம்பள அக்கவுண்டிலிருந்து கட்டினால் அங்கே மளிகைக் கட்டம் மைனஸில் போய்விடும்.

ஸ்டேட்மெண்ட் தேதியும் மாசக் கடைசியும் வேறு வேறு என்பதையும் மறக்கக் கூடாது. கார்டு பில் ஜூன் 17-ல் போடப்பட்டு 2,900 என்று வந்தது, அதன்பின் 1,260 தேய்த்திருக்கிறீர்கள். பில்லைப் பார்த்து 2,900 மட்டும் கடன் என்று நினைத்தால் அந்த 1,260 உறையில் மிச்சமாகத் தெரியும், ஜூலையில் செலவாகியும் விடும். மாசக் கடைசியில் கார்டு பத்தியை பில் தொகையோடு ஒப்பிடாமல், ஆப்பில் காட்டும் மொத்த நிலுவையோடு ஒப்பிடுங்கள். அது பில்லில் வந்ததும் வராததும் சேர்ந்தது. இங்கே 2,900 + 1,260 = 4,160, ஷீட்டோடு ஒத்துப்போகிறது. கடைசி ஓரிரு நாளில் தேய்த்தது ஆப்பில் ஏறாமல் இருந்தால், டிக் விழாத வரியாக விட்டுவிடுங்கள்.

வித்தியாசம் கிடைக்கவில்லை என்றால் பேங்க் பத்தியில் ஒரு ரூபாய்கூட ஒப்பேற்ற வேண்டாம். பேங்கில் காரணமில்லாமல் பணம் கூடாது, குறையாது; அதற்கு எங்கோ ஒரு வரி இருக்கிறது. கைக்காசில் மட்டும் அந்தச் சலுகை உண்டு. எண்ணிப் பார்த்து 60 ரூபாய் குறைந்தால் கைச்செலவு உறையில் கழித்துவிட்டு நகரலாம்.

நம் கணக்கை முடிக்க எழுத வேண்டிய வரிகள்: மளிகை, வீடு, +349. மளிகை, வீடு, +90, மீன் திருத்தம். வட்டிக்கும் பேங்க் கட்டணத்துக்கும் தனியாக ஒரு சின்ன உறை வைத்து அதில் +38, −17.70. இப்போது வீட்டு அக்கவுண்டில் மளிகை 5,339, கரண்ட் 2,650, மருந்து 3,200, வட்டி உறை 20.30. கூட்டினால் 11,209.30. மளிகை உறையின் உண்மையான மீதி 1,500 அல்ல, கார்டு கடன் 3,400 போக 1,939. ஜூலைக்கு மளிகையில் எடுத்துச் செல்ல வேண்டிய தொகை இதுதான்.